மணிக்கு எத்தனை பேர், ஹாலில் எத்தனை சப்ளையர்: மூன்று டியூட்டி முறைகளும் ஒரு வண்ணாரப்பேட்டைக் கணக்கும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் 64 இருக்கை உள்ள ஒரு சைவ ஹோட்டலைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் கடை. காலையில் டிபன், மதியம் அளவில்லாச் சாப்பாடு, சாயங்காலத்திலிருந்து மறுபடி டிபன். இந்தக் கடையில் சப்ளையர்களை டியூட்டி போட மூன்று வழிகள் உண்டு. எல்லோரையும் 6 முதல் 2, 2 முதல் 10 என்று இரண்டு ஸ்ட்ரெய்ட் ஷிப்ட்டாகப் பிரிக்கலாம். ஒரு பகுதி ஆட்களைப் பிரேக் ஷிப்ட்டில், அதாவது கூட்ட நேரத்தில் வேலை, நடுவில் சில மணி நேரம் ஓய்வு என்று போடலாம். அல்லது நிரந்தர ஆட்களைக் குறைத்துக்கொண்டு கூட்ட நேரத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் பார்ட் டைம் ஆட்களை அழைக்கலாம்.

எது சிக்கனம் என்று கேட்டால் பெரும்பாலும் சம்பளக் கணக்கைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆனால் எந்த மணிக்கு எத்தனை ஆள் வேண்டும் என்ற கணக்கு கையில் இல்லாமல் மூன்றையும் ஒப்பிட முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

பில் மிஷின் சொல்லும் நேரம், ஆள் வந்த நேரம் அல்ல

பில்லிங் மிஷினிலிருந்து மணிவாரி அறிக்கை எடுப்பது எளிது. அதில் இரண்டு இடங்களில் சறுக்கும்.

ஒன்று, சாப்பிட்டு முடித்த பிறகு பில் போடும் கடையில், பில்லில் இருக்கும் நேரம் வாடிக்கையாளர் எழுந்து போகும் நேரம். டிபனுக்கு 20 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்கு 25 நிமிடம், இரவில் அரை மணி நேரம் முன்பே அவர் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார். அறிக்கையை அப்படியே நம்பி டியூட்டி போட்டால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சப்ளையர்கள் இருபது முப்பது நிமிடம் தாமதமாக வந்து சேருவார்கள். கூட்டம் கலைந்த பிறகு சும்மா நிற்பார்கள். முன்கூட்டியே டோக்கன் வாங்கும் கடைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மற்றவர்கள் பில் நேரத்திலிருந்து சாப்பிடும் நேரத்தைக் கழித்துவிட்டு, பிறகு மணிவாரியாகப் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது, பில் எண்ணிக்கை வேறு, தலை எண்ணிக்கை வேறு. காலையில் தனியாக வந்து இட்லி வடை சாப்பிட்டுப் போகிறவர் அதிகம். சாயங்காலம் துணி எடுக்க வந்த குடும்பம் ஐந்து பேருக்கு ஒரே பில்தான். ஒரு பில்லுக்குச் சராசரியாக எத்தனை பேர் என்பதைக் காலை, மதியம், இரவு என்று தனித்தனியாக ஒரு வாரம் எண்ணிப் பார்த்தாக வேண்டும். பார்சலையும் ஆன்லைன் ஆர்டரையும் இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவை தோசைக்கல்லையும் பார்சல் கட்டுபவரையும் பாதிக்குமே தவிர, சப்ளையரைப் பாதிக்காது.

இப்படிச் சரிசெய்த எண்ணிக்கையை அதே கிழமையின் கடைசி நான்கு வாரங்களுக்கு எடுத்துச் சராசரி போடலாம். ஞாயிற்றுக்கிழமையை வேலை நாட்களோடு கலக்கக் கூடாது. அன்று காலைக் கூட்டமே ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்கும்.

ஒரு சப்ளையருக்கு மணிக்கு எத்தனை பேர்

ஆர்டர் கேட்பது, கொண்டுவந்து வைப்பது, சாம்பார் சட்னி மறுபடி ஊற்றுவது, காபி, பில் என்று எல்லாம் சேர்த்து ஒரு வாடிக்கையாளருக்குச் சப்ளையரின் நேரம் எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும். கூட்ட நேரத்தில் ஒரு சப்ளையரை ஒரு மணி நேரம் கவனித்து, அவர் உண்மையில் வேலை செய்த நிமிடங்களை அவர் பார்த்த ஆட்களால் வகுத்தால் போதும். நம் கடையில் டிபனுக்கு 2 நிமிடம், அளவில்லாச் சாப்பாட்டுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சோறு, குழம்பு, ரசம், மோர் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் இலைக்குத் திரும்பி வர வேண்டியிருப்பதால்தான் இந்த அரை நிமிட வித்தியாசம்.

2 நிமிடம் என்றால் ஒரு சப்ளையர் மணிக்கு 30 பேரைப் பார்க்கலாமே என்று தோன்றும். அந்தக் கணக்கில் போட்டால் ஹால் நின்றுவிடும். ஆட்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று வரிசையாக வருவதில்லை. ஒரே நேரத்தில் ஏழு பேர் நுழைவார்கள், பிறகு நான்கு நிமிடம் யாரும் வரமாட்டார்கள். அதனால் சப்ளையரின் நேரத்தில் 80 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுப்பது பாதுகாப்பு. அப்படியானால் டிபனுக்கு மணிக்கு 24 பேர், சாப்பாட்டுக்கு 19 பேர்.

அந்த 20 சதவீதம் வீண் செலவு என்று நினைக்கும் முதலாளிகளுக்கு வரிசைக் கணக்கு நல்ல பதில் சொல்லும். மணிக்கு 120 பேர், ஆளுக்கு 2 நிமிடம் என்றால் வேலையின் மொத்த அளவு நான்கு சப்ளையரின் முழு நேரம். ஐந்து பேரை நிறுத்தினால், ஒரு வாடிக்கையாளர் சப்ளையருக்காகக் காத்திருக்கும் மொத்த நேரம் சராசரியாக 1 நிமிடத்துக்குச் சற்று மேல். ஆறு பேரை நிறுத்தினால் அது 17 விநாடியாகக் குறைகிறது. ஐந்தே பேரை வைத்துக்கொண்டு 120 பேருக்குப் பதில் 135 பேர் வந்துவிட்டால் காத்திருப்பு 3 நிமிடமாகிறது. கூட்டம் எட்டில் ஒரு பங்குதான் கூடியது. காத்திருப்போ ஏறக்குறைய மூன்று மடங்கு. சராசரி 120 இருக்கும் மணி நேரத்தில் எந்தக் காரணமும் இல்லாமலே ஒரு நாள் 110, ஒரு நாள் 130 என்று ஆடும் என்பதால், 135 அபூர்வமான எண் ஒன்றும் இல்லை. நான்கே பேரை நிறுத்தினால் பேச்சே வேண்டாம், கூட்டம் கலையும் வரை வரிசை கரையாது.

இந்த அளவுகோலை வைத்து நம் கடையின் ஒரு வேலை நாளைப் போட்டால் இப்படி வரும்:

| நேரம் | எதிர்பார்க்கும் ஆட்கள் | தேவையான சப்ளையர் |
|---|---|---|
| காலை 6–7 | 30 | 2 |
| 7–8 | 80 | 4 |
| 8–9 | 120 | 5 |
| 9–10 | 90 | 4 |
| 10–11 | 35 | 2 |
| 11–12 | 30 | 2 |
| மதியம் 12–1 | 90 | 5 |
| 1–2 | 120 | 6 |
| 2–3 | 60 | 3 |
| 3–4 | 20 | 2 |
| மாலை 4–5 | 40 | 2 |
| 5–6 | 70 | 3 |
| 6–7 | 80 | 4 |
| இரவு 7–8 | 110 | 5 |
| 8–9 | 120 | 5 |
| 9–10 | 70 | 3 |

மொத்தம் 1,165 பேர், 57 ஆள்-மணி. மதியம் 3 மணிக்கு 20 பேருக்கு ஒரே சப்ளையர் போதும் என்று கணக்கு சொன்னாலும், அவர் கை கழுவப் போனால்கூட ஹாலில் ஆள் இருக்காது என்பதால் குறைந்தது இரண்டு. ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கும் இரண்டிலிருந்து மூன்று வரைக்கும் கணக்கு 80 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆள் போட்டும் தீராத மணி நேரம்

ஒப்பிடும் முன் இன்னொரு சோதனை. இரவு 8 முதல் 9 வரை 120 பேர், ஆளுக்கு 30 நிமிடம் என்றால் ஒரே நேரத்தில் 60 பேர் உட்கார்ந்திருப்பார்கள். இருக்கை 64. எழுந்து போனவரின் இடத்தைத் துடைத்து அடுத்தவரை உட்காரவைக்க 3 நிமிடம் ஆனால், ஒரு இருக்கை ஒருவருக்காக 33 நிமிடம் போகிறது. அப்படிப் பார்த்தால் 66 இருக்கை வேண்டும். கடையில் இல்லை. வாசலில் கூட்டம் நிற்கும். அந்த நேரத்தில் ஆறாவது சப்ளையரைப் போட்டுப் பெரிய பயன் இல்லை. கூடுதலாக ஒரு கிளீனரைப் போட்டு அந்த 3 நிமிடத்தை ஒன்றாகக் குறைத்தால் 62 இருக்கையில் அடங்கிவிடும். காலையில் அதே 120 பேருக்கு 20 நிமிடக் கணக்கில் 40 இருக்கை போதும், அங்கே குறைவு சப்ளையர்தான். மதியம் 50.

சமையலறையை இந்த மணிவாரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சரக்கு மாஸ்டரின் வேலை வாடிக்கையாளர் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே தொடங்குவது. மாவு அரைப்பது முந்தைய நாள் வேலை. கூட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது தோசை மாஸ்டர், காபி மாஸ்டர், கிளீனர் இவர்கள்தான். அவர்களுக்கும் இதே முறையில் தனி அட்டவணை போடலாம்.

முதல் வழி: இரண்டு ஸ்ட்ரெய்ட் ஷிப்ட்

காலை ஷிப்ட்டின் உச்சத் தேவை மதியம் 1 மணிக்கு ஆறு பேர். மாலை ஷிப்ட்டின் உச்சம் ஐந்து. ஆக 11 பேர், 88 ஆள்-மணி. தேவையோ 57. மீதி 31 மணிக்குச் சம்பளம் போகிறது, வேலை இல்லை. காலை 10 முதல் 12 வரை இரண்டு பேருக்கு வேலை இருக்கும் ஹாலில் ஆறு பேர் நிற்பார்கள்.

இந்த வழியின் பெரிய குறை செலவு மட்டும் இல்லை. ஷிப்ட் மாறும் 2 மணி மதியக் கூட்டத்தின் வாலில் விழுகிறது. ஒன்றரைக்கு உட்கார்ந்தவர் மோர் சாதத்துக்கு வந்திருப்பார். அவருக்கு ஆர்டர் எடுத்தவர் உடை மாற்றப் போயிருப்பார். யார் டேபிளில் எந்தப் பில் நிலுவை என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது. பில் விட்டுப்போவதும் இரண்டு முறை போடுவதும் இந்த இருபது நிமிடத்தில்தான் அதிகம். இந்த முறையில்தான் ஓட்டுவது என்றால், பாதிப் பேரை 6:30 முதல் 2:30 வரை என்று தள்ளிப் போட்டாலே இந்தச் சிக்கல் பாதியாகக் குறையும்.

நல்ல பக்கமும் உண்டு. ஆள் கிடைப்பது எளிது. மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வந்து போகிறவர்களுக்கு இந்த டியூட்டிதான் ஒத்துவரும். ஒரு முறை வந்தால் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

இரண்டாம் வழி: ஸ்ட்ரெய்ட்டோடு பிரேக் ஷிப்ட்

கடைக்கு மூன்று கூட்டம். எட்டு மணி நேர ஆளை நான்கு நான்காகப் பிரித்தால் ஒருவர் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். நம் அட்டவணைக்கு இப்படிப் பொருந்துகிறது. இரண்டு பேர் 6 முதல் 2, இரண்டு பேர் 2 முதல் 10, இவர்கள் அடித்தளம். இவர்களைக் கழித்தால் காலைக்கு மூன்று, மதியத்துக்கு நான்கு, இரவுக்கு மூன்று என்று பத்துத் துண்டு வேலை மிஞ்சும். அதை ஐந்து பேர் பார்க்கலாம்: இரண்டு பேர் 7–11, 12–4, ஒருவர் 7–11, 6–10, ஒருவர் 11–3, 6–10, கடைசி ஒருவர் 11–3, 5–9. அவரை மட்டும் 5 மணிக்கே இறக்குவது சாயங்காலம் 5 மணிக்கு மூன்றாவது ஆள் தேவை என்பதற்காக.

மொத்தம் 9 பேர், 72 ஆள்-மணி. முதல் வழியைவிட நாளுக்கு இரண்டு ஆள் குறைவு. மிஞ்சும் 15 மணியும் வீணாகப் போவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். காலை 10 மணிக்கு ஹாலில் ஐந்து பேர், தேவை இரண்டு. அந்த நேரத்தில் முறை வைத்து எல்லோரும் டிபன் சாப்பிட்டுவிடலாம். 11 மணிக்கு வருகிறவர்கள் கூட்டத்துக்கு முன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தண்ணீர் பிடித்து, இலை எடுத்துவைத்து, வாளிகளை நிரப்பிவிடலாம். 3 மணிக்கு நான்கு பேர் இருப்பார்கள், அதில் இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். ஊழியர் சாப்பிடும் நேரத்தை எழுதாத டியூட்டி சார்ட் தாளில் மட்டும்தான் பொருந்தும்.

பிரேக் ஷிப்ட்டின் உயிர் ஆள் எங்கே தங்குகிறார் என்பதில் இருக்கிறது. கடை மாடியிலோ பின்தெருவில் எடுத்த அறையிலோ தங்கும் வெளியூர்ப் பையன்களுக்கு இடைவேளை உண்மையான ஓய்வு. துவைப்பார்கள், தூங்குவார்கள், ஊருக்குப் போன் பேசுவார்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்களும் நடந்தோ சைக்கிளிலோ போய் வந்துவிடுவார்கள். மெட்ரோ திருவொற்றியூர், விம்கோ நகர் வரை ஓடுவதால் அங்கிருந்தும் வரலாம்தான், ஆனால் நாளுக்கு நான்கு டிக்கெட் காசை யார் கொடுப்பது என்ற கேள்வி வரும். எண்ணூரில் வீடு உள்ளவரை 7–11, 6–10 போட்டால் அவர் நடுவில் ஏழு மணி நேரம் கடை பெஞ்சிலேயே கிடப்பார். எட்டு மணி நேரச் சம்பளத்துக்குப் பதினைந்து மணி நேரம் வெளியே. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிடுவார். அவர் மேல் குற்றம் இல்லை. அப்படிப்பட்டவருக்கு 7–11, 12–4 கொடுத்தால் அது கிட்டத்தட்ட ஸ்ட்ரெய்ட் ஷிப்ட்தான்.

இந்த முறைக்கே உரிய இன்னொரு ஆபத்து, ஒருவர் வராவிட்டால் இரண்டு கூட்டத்தில் ஓட்டை விழும். மதியம் 1 மணிக்கு ஆறில் ஒருவர் குறைந்தால், மீதி ஐந்து பேருக்கும் மூச்சுவிட நேரமில்லாத 100 சதவீத வேலை. 2 மணி வரை வரிசை நகராது. அதே ஆள் இரவிலும் இருக்கமாட்டார்.

மூன்றாம் வழி: நான்கு நிரந்தரம், மீதி பார்ட் டைம்

அடித்தளத்துக்கு அதே நான்கு பேர். அந்தப் பத்துத் துண்டு வேலைக்கும் மணிக்கணக்கு ஆட்கள்: காலைக்கு மூன்று பேர் மூன்று மணி நேரம், மதியத்துக்கு நான்கு பேர் மூன்று மணி நேரம், இரவுக்கு மூன்று பேர் நான்கு மணி நேரம். 32-ம் 33-ம் சேர்ந்து 65 ஆள்-மணி. ஆனால் இங்கே காலை 10 முதல் 12 வரை தேவையும் இரண்டு, இருப்பதும் இரண்டு. 6 மணியிலிருந்து நிற்கிறவர்கள் எப்போது சாப்பிடுவது? காலை பார்ட் டைமில் ஒருவரை 11 வரை நிறுத்தினால்தான் முடியும். எனவே 66.

தாளில் இதுதான் மிகவும் இறுக்கமான பொருத்தம். நடைமுறையில் மூன்று கூட்டத்துக்கும் ஆள் கிடைப்பது ஒரே மாதிரி இல்லை. மதியமும் இரவும் கிடைக்கும்: முதல் ஷிப்ட் கல்லூரி முடித்து வரும் மாணவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் மூன்று மணி நேரம் வரத் தயாராக இருக்கும் பெண்கள். காலை 7 மணிக்கு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் ஆள் தேடுவதுதான் பாடு. வீட்டில் அடுப்பு எரியும் நேரம் அது. மாணவர்களும் தேர்வு மாதத்தில் மொத்தமாகக் காணாமல் போவார்கள்.

மழை நாளையும் கணக்கில் வைக்க வேண்டும். வியாசர்பாடிப் பக்கம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், மூன்று மணி நேரச் சம்பளத்துக்காக யாரும் சுற்றி வரமாட்டார்கள். கூட்டமும் அன்று குறையும் என்பது ஓரளவு ஆறுதல்.

பார்ட் டைம் ஆள் சாப்பாட்டு வாளி தூக்குவார், தண்ணீர் வைப்பார், பில் கொண்டுபோவார். ஆனால் தினம் வரும் வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் சர்க்கரை இல்லாத காபியைச் சொல்லிவிடும் பழக்கம் அவருக்கு வராது. புதியவருக்கு டிபனில் ஒரு ஆளுக்கு 2 நிமிடத்துக்குப் பதில் 3 நிமிடம் பிடித்தால் அவர் மூன்றில் இரண்டு பங்கு சப்ளையர்தான். மூன்று புதியவர்கள் இருந்தால் கணக்கில் ஒரு ஆள் குறைகிறது. மதியச் சாப்பாட்டில் வேலை ஒரே மாதிரி என்பதால் இந்த வித்தியாசம் சிறியது.

ரூபாயில்

நாள் சம்பளம் 700, நிரந்தர ஆளின் மூன்று வேளைச் சாப்பாட்டுச் செலவு 150, பிரேக் ஷிப்ட்டுக்குக் கூடுதலாக நாளுக்கு 50, பார்ட் டைமுக்கு மணிக்கு 110, அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு 50 என்று வைத்துப் பார்ப்போம். உங்கள் கடை விகிதம் வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வழிக்கு நாளுக்கு 9,350 ரூபாய். இரண்டாம் வழிக்கு 7,900. மூன்றாம் வழிக்கு 7,640.

முதல் வழிக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. மற்ற இரண்டுக்கும் நடுவே 260 ரூபாய்தான். பத்துப் பார்ட் டைமரில் தினம் ஒருவர் வராமல் போவதற்கும், அதற்காகக் கல்லாவில் இருப்பவர் காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருப்பதற்கும் அந்த 260 ஈடாகாது.

இந்தக் கணக்கில் வார விடுமுறை இல்லை. வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். எட்டு மணி நேர ஆள் வாரத்தில் ஆறு நாள்தான் வருவார், கடையோ ஏழு நாளும் திறந்திருக்கிறது. ஆகவே டியூட்டிக்கு வேண்டிய எண்ணிக்கையை 7-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால்தான் ரோலில் எத்தனை பேர் வேண்டும் என்பது தெரியும். முதல் வழிக்கு 13 பேர், இரண்டாம் வழிக்கு 11, மூன்றாம் வழிக்கு நிரந்தரம் 5. இரண்டாம் வழியில் 11 பேர் வாரத்துக்கு 66 நாள் தருவார்கள், தேவை 63. அந்த மூன்று நாள்தான் காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் உள்ள மாற்று. ஒன்பது பேருக்கு ஒன்பது பேரை மட்டும் சேர்த்துவிட்டு, விடுமுறை நாளில் மற்றவர்களை இழுத்துப் போடுவது வழக்கமாக நடக்கும் தவறு. ஓவர்டைம் என்ற பெயரில் 260 ரூபாயைவிட அதிகம் அங்கே போகும்.

பார்ட் டைம் ஆட்களைத் தலைக்கணக்கில் காட்டத் தேவையில்லை என்ற நம்பிக்கையும் தவறு. பத்து பேர் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ., இருபது பேர் என்றால் பி.எஃப். இதில் சமையலறை, கிளீனர், மணிக்கணக்கு ஆட்கள் எல்லோரும் அடக்கம். மூன்றாம் வழியில் ஆள் எண்ணிக்கை கூடுவதால், சிறிய கடை இந்தக் கோட்டை முதலில் தாண்டுவது இந்த வழியில்தான்.

எந்தக் கடைக்கு எது

நம் எம்.சி. ரோடு கடைக்கு இரண்டாம் வழிதான், ஒரு திருத்தத்தோடு. மதிய நான்கு துண்டில் ஒன்றை மட்டும் பார்ட் டைமுக்கு விட்டுவிட்டு, 11–3, 6–10 போட்டவரை 7–11, 6–10-க்கு மாற்றலாம். அப்போது காலையில் ஒரு ஆள் உபரி. காலைக் கூட்டத்தில் ஒருவர் வராவிட்டாலும் ஹால் தாங்கும். பார்ட் டைம் ஆள் கிடைக்கச் சுலபமான நேரமும் வேலை எளிதான நேரமும் மதியம்தான். ஒரு ஆளின் மூன்று மணி நேரமும் சாப்பாடும் சேர்ந்து 380 ரூபாய் கூடும். அது அதிகம் என்று பட்டால் திருத்தம் இல்லாமலே ஓட்டலாம், ஆனால் திங்கட்கிழமைக் காலைகளில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

வேறு இடத்துக்கு வேறு பதில். உச்ச மணித் தேவையை நாளின் சராசரித் தேவையால் வகுத்துப் பாருங்கள். நம் கடையில் உச்சம் 6, சராசரி 57-ஐ 16-ஆல் வகுத்தால் 3.6, விகிதம் 1.7. மணலி, எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் லாரிக்காரர்களை நம்பியிருக்கும் கடையில் நாள் முழுக்கச் சீராக ஆள் வருவதால் இந்த விகிதம் 1.3-க்குக் கீழே இருக்கும். அங்கே ஸ்ட்ரெய்ட் ஷிப்ட்டில் வீணாவது குறைவு, ஆட்களை நடுவில் அனுப்பி அலைக்கழிக்கக் காரணமே இல்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கடை நேர் எதிர். விடியற்காலையில் ஒரே பெரிய கூட்டம், ஞாயிறு என்றால் இன்னும் கூடுதல், பிறகு நாள் முழுக்க மந்தம். ஒற்றைக் கூட்டத்துக்குப் பிரேக் ஷிப்ட் உதவாது. இரண்டாவது நான்கு மணி நேரத்தை எங்கே வைப்பது? நிரந்தர ஆட்களைக் குறைத்துக்கொண்டு அதிகாலைக்கு மட்டும் பார்ட் டைம் எடுப்பதே சரி. அதுவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாதபோது காலைக் கூட்டம் விழும். அப்போது நிரந்தர ஆளை அனுப்ப முடியாது, மணிக்கணக்கு ஆளைக் குறைக்கலாம். அந்த இரண்டு மாதத்துக்கு முந்தைய நான்கு வாரச் சராசரியைப் பயன்படுத்தினால் ஏமாற்றும். சென்ற ஆண்டின் அதே வாரங்களைத்தான் பார்க்க வேண்டும்.

எம்.சி. ரோட்டுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் அப்படியே. அப்போது மாலைக் கூட்டம் 5 மணிக்கே உச்சத்துக்குப் போய் 10 வரை இறங்காது. பிரேக் ஷிப்ட் ஆட்களை இடைவேளை இல்லாமல் தொடர்ந்து நிறுத்தத்தான் கை வரும். அதைச் செய்தால் 48 மணி நேரம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை இரவில் கால் வீங்கிய ஆட்கள்தான் மிஞ்சுவார்கள். அந்த வாரங்களுக்கு மட்டும் 5 முதல் 10 வரை மூன்று பார்ட் டைம் எடுத்து, இரண்டு பேரைக் கிளீனிங்குக்கும் ஒருவரைப் பார்சல் கவுண்டருக்கும் விட வேண்டும். இருக்கை 64-ஐத் தாண்டாது என்பதால், அந்த நேரத்தில் வியாபாரம் கூடுவது டேபிள் வேகமாகத் துடைக்கப்படுவதாலும் வாசலில் நிற்கிறவர் பார்சல் வாங்கிக்கொண்டு போவதாலும்தான்.